காட்டன் குர்தி அளவுப் பட்டியல்: 36 முதல் 44 வரை

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். கழுத்துப் பட்டியில் 38 என்று போட்டிருந்தால், அது உங்கள் மார்புச் சுற்றளவு 38 அங்குலம் என்று பொருள். குர்தியின் சுற்றளவு அதைவிடப் பெரியது.

தொடங்கிய புதிதில் இதைத் தலைகீழாகச் செய்தோம். குர்தியை அளந்து வந்த எண்ணையே சைஸ் என்று போட்டோம். மார்பு 38 உள்ளவர்கள் 38 வாங்கினார்கள். கையைத் தூக்கினால் அக்குளில் பிடித்தது, உட்கார்ந்தால் வயிற்றில் இழுத்தது. தைத்ததில் குறையில்லை, நாங்கள் எழுதிய எண்தான் தவறு. இப்போது சைஸை உடம்பின் அளவை வைத்தே சொல்கிறோம். நேர்கட்டுக்கும் ஏ-லைனுக்கும் துணியின் அளவு மாறும், உங்கள் அளவு ஒன்றுதானே.

உங்கள் உடம்பின் அளவு (அங்குலத்தில்)

| சைஸ் | மார்பு | இடை | சீட் |
|---|---|---|---|
| 36 | 36 | 30 | 39 |
| 38 | 38 | 32 | 41 |
| 40 | 40 | 34 | 43 |
| 42 | 42 | 36½ | 45 |
| 44 | 44 | 39 | 47 |

வழக்கமாகப் போடும் உள்ளாடையோடு அளந்துகொள்ளுங்கள். மார்பை அதன் மிக எடுப்பான இடத்தில் அளக்க வேண்டும், டேப் முதுகுப் பக்கம் கீழே சரியக் கூடாது. இடை என்பது தொப்புளுக்குச் சற்று மேலே, உடம்பு ஒடுங்கும் இடம். சீட் என்பது பின்புறம் அகலமான இடம், பாவாடை நாடா கட்டும் இடமல்ல. மூச்சை இழுத்துப் பிடிக்காதீர்கள். டேப்புக்குள் ஒரு விரல் நுழைந்தால் போதும். கூட்டிச் சொல்ல வேண்டாம், லூஸ் நாங்கள் விட்டிருக்கிறோம்.

சேலைக்குப் போடும் ஜாக்கெட்டை அளந்து அனுப்புபவர்கள் நிறையப் பேர். அது உடம்போடு ஒட்டித் தைத்தது. அந்தக் கணக்குக் குர்திக்குச் சரிப்படாது.

தோள், கை, உயரம் மூன்றுக்கும் தைத்த குர்தியின் அளவையே தருகிறோம். தன் தோளைத் தானே அளப்பது சிரமம், உயரமோ அவரவர் விருப்பம். வீட்டில் இருக்கும் குர்தியோடு ஒப்பிடுவதுதான் எளிது.

தைத்த நேர்கட்டுக் குர்தியின் அளவு (அங்குலத்தில்)

| சைஸ் | மார்புச் சுற்று | தோள் | கைச்சுற்று | கை நீளம் | உயரம் |
|---|---|---|---|---|---|
| 36 | 39 | 14 | 12½ | 17 | 44 |
| 38 | 41 | 14½ | 13 | 17 | 44 |
| 40 | 43 | 15 | 14 | 17½ | 44 |
| 42 | 45 | 15½ | 15 | 17½ | 44 |
| 44 | 47 | 16 | 16 | 18 | 44 |

மார்பில் விட்டிருக்கும் லூஸ் 3 அங்குலம். நெய்த காட்டன் இழுத்தால் விரியாது, அதனால் இவ்வளவு வேண்டும். கைச்சுற்று என்பது மேல்கையின் தடிமனான இடத்தில் துணியின் சுற்று. உங்கள் கையைவிட அது 1½ அங்குலமாவது பெரிதாக இருக்கட்டும்.

உங்களுக்குப் பிடித்த குர்தியை அளப்பதானால் தரையில் சுருக்கமில்லாமல் விரித்து, ஓர் அக்குளிலிருந்து மறு அக்குள்வரை அளந்து இரண்டால் பெருக்குங்கள். 20½ வந்தால் 41. அதை இரண்டாவது பட்டியலில்தான் தேட வேண்டும், அங்கே 41 என்பது சைஸ் 38. முதல் பட்டியலில் 41 தேடி 42 ஆர்டர் செய்தால் தொளதொளவென்று வரும். திரும்பி வரும் பார்சல்களில் பாதி இந்தக் குழப்பம்தான்.

மார்பு 38, சீட் 43 என்று இருந்தால்? நேர்கட்டில் 40 எடுத்து மார்பில் மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். ஏ-லைன் என்றால் 38 போதும், கீழே தானாக விரியும். மார்பு இரண்டு சைஸுக்கு நடுவில் விழுந்தால் பெரியதே நல்லது. பிடிப்பது எந்தத் தையல்காரருக்கும் சின்ன வேலை. பெரிதாக்கவும் இடம் இருக்கிறது: பக்கத் தையலைப் பிரித்தால் மொத்தம் 2 அங்குலம்வரை கிடைக்கும். ஆனால் பழைய தையல் கோடு, அடர்ந்த நிறத் துணிகளில் லேசாகத் தெரியும்.

துணியை நனைத்துக் காயவைத்த பிறகுதான் வெட்டுகிறோம், மேலே உள்ளவை அதற்குப் பிந்தைய அளவுகள். வெந்நீரில் ஊறவைத்தால் இன்னும் கொஞ்சம் சுருங்கலாம். கையால் வெட்டித் தைப்பதால் எந்த அளவிலும் அரை அங்குலம் கூடக் குறைய இருக்கும். அதற்கு மேல் வித்தியாசம் வந்தால் தவறு எங்களுடையது. டேப் வைத்த படத்தோடு 7 நாளுக்குள் சொல்லுங்கள், எங்கள் செலவில் மாற்றித் தருகிறோம்.