மலையகத் தமிழ்ல புழங்குற கடன்சொற்கள்: அகராதிப் பதிவுகள், முதல் தொகுப்பு

தலைச்சொல்ல லயத்துல பேசுற மாதிரியேதான் எழுதியிருக்கேன், யாரும் இதத் திருத்தி நல்ல தமிழாக்க வேணாம், ஏன்னா ஹட்டன்லயோ பொகவந்தலாவயிலயோ ஒரு புள்ள தேடுனா அம்மாச்சி வாயில வந்த உருவம்தான் அதுக்குக் கெடைக்கணும். பெ. பெயர்ச்சொல், வி. வினைச்சொல்.

கந்தோர் பெ. டச்சு. ஆபிஸ். இப்ப பெரும்பாலும் வயசானவங்க பேச்சுலதான், தபால் கந்தோர்னு.

காம்பரா பெ. போர்த்துக்கேயம். வீட்டுல ஒரு அறை. லயத்துல ஒரு குடும்பம் இருக்குற வீடு. ‘எங்க காம்பரா கடைசிக் காம்பரா.’
~ பிள்ளக் காம்பரா பெ. அம்மாமாரு கொழுந்தெடுக்கப் போற நேரம் கைப்புள்ளைங்களப் பாத்துக்குற எடம். வெறும் ‘அறை’ன்னு பொருள் போட்டா இந்தப் பொருள் தொலைஞ்சுரும், அதனால தனியாவே குடுத்திருக்கு.

கொந்தரப்பு பெ. ஆங்கிலம், ‘காண்ட்ராக்ட்’. நாள் சம்பளம் இல்லாம இவ்ளோ வேலைக்கு இவ்ளோ காசுன்னு பேசிச் செய்யுற வேலை. ‘அந்த மலையில புல்லுவெட்டு கொந்தரப்புக்கு விட்டுட்டாங்க.’

சைன் வை வி. முதல் பாதி ஆங்கிலம். கையெழுத்துப் போடு. ‘சம்பளத்துக்கு சைன் வச்சியா?’

தவறணை பெ. போர்த்துக்கேயம். கள்ளு, சாராயம் விக்கிற கடை. ‘தவறு’ங்குற சொல்லுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல.

பிரட்டு பெ. ஆங்கிலம், ‘பரேட்’. பேச்சுல பெரட்டுன்னும் வரும். காலையில தொழிலாளிங்க எல்லாரும் ஒரு எடத்துல கூடி நிக்க, இன்னைக்கு யார் யாருக்கு எந்த மலை என்ன வேலைன்னு பிரிச்சு விடுறது. ‘கூட்டம்’னு ஒரு வார்த்தையில முடிச்சா பொருள் சரியா வராது, கூட்டத்துக்கு விரும்புனா போகலாம், பிரட்டுக்குப் போகலைன்னா அன்னைக்கு வேலையே கெடைக்காமப் போகலாம். ‘பிரட்டுக்கு நேரமாச்சு, ரொட்டியக் கட்டிக்க.’ தமிழ்ல ஏற்கனவே இருக்குற பெரட்டு, அதாவது கறியப் பெரட்டுறது, வேற சொல்லு, அதுக்குத் தனிப் பதிவு வேணும், ரெண்டையும் ஒண்ணுக்குள்ள போட்டுறாதீங்க.
~ பிரட்டுக்களம் பெ. பிரட்டு நடக்குற வெளி.

லயம் பெ. ஆங்கிலம், ‘லைன்’. லயன்னும் எழுதுவாங்க. வரிசையா, ஒரே சுவர ரெண்டு வீட்டுக்கும் பொதுவா வச்சுக் கட்டுன தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு. பழைய லயத்துல ஒரு காம்பரா பத்துக்குப் பன்னிரண்டு அடி, முன்னால ஒரு தாவாரம். முதுகோட முதுகா ரெண்டு வரிசை கட்டுனதும் உண்டு. இசையில வர்ற லயம் வடமொழிச் சொல்லு, எழுத்து ஒண்ணா இருந்தாலும் தலைச்சொல் ரெண்டு, பக்கத்துல 1, 2ன்னு எண் போடணும்.

ஸ்டோர் பெ. ஆங்கிலம். பேச்சுல இஸ்டோரு. தேயிலை ஃபெக்டரி. கடைன்னோ சாமான் அடுக்குற அறைன்னோ இங்க பொருள் எடுக்கக் கூடாது. 1867ல லூல்கந்துரையில ஜேம்ஸ் டெய்லர் தேயிலை போடுறதுக்கு முன்னயே, கோப்பிக் காலத்துல, கொட்டையக் காயவச்சு வைக்கிற கட்டடத்த ஸ்டோர்னுதான் சொன்னாங்க. ‘கொழுந்து லொறி ஸ்டோருக்கு ஏறிருச்சு.’