நிரோஷனுக்கு மாமா எழுதிய கடிதம்

அன்பின் நிரோஷனுக்கு,

மாமா எழுதுகிறேன். போனில் நான் "சாப்பிட்டியா" என்கிறேன், நீ "ம்" என்கிறாய். அதற்குமேல் இரண்டு பேருக்கும் பேச்சு வரவில்லை. அதனால்தான் கடிதம். இதை ஒரே மூச்சில் வாசிக்க வேண்டியதில்லை. பாதியில் மடித்து வைத்துவிட்டு நாளைக்கு எடுத்தாலும் சரி.

அம்மா இறந்து இன்றோடு 23 நாள். "இறந்து" என்றுதான் எழுதுகிறேன். வீட்டுக்கு வந்தவர்கள் தங்கச்சியிடம் "அம்மா சாமிகிட்ட போயிட்டாங்க" என்று சொன்ன அதே குரலில் உன்னிடமும் சொன்னார்கள். அப்போது உன் முகத்தைப் பார்த்தேன். உனக்கு 16 வயது. குழியில் முதல் பிடி மண் போட்டவன் நீ. என்ன நடந்தது என்று உனக்குத் தெரியும்.

இன்னொன்றும் சொன்னார்கள். "இனி நீதான் வீட்டைப் பார்க்கணும், ஆம்பளப் புள்ள அழக் கூடாது." தப்பு மேளச் சத்தம் ஓய்வதற்குள் ஐந்தாறு பேராவது சொல்லியிருப்பார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை, என்ன சொல்வதென்று தெரியாமல் வாய்க்கு வந்ததைச் சொன்னார்கள். ஆனால் வீட்டைப் பார்க்க அப்பா இருக்கிறார். மரணச் சான்றிதழ், அம்மாவின் இ.பி.எப்., இ.டி.எப். பணம், தோட்ட ஆபீசுக்கு அலைவது எல்லாவற்றையும் நானும் அப்பாவும் பார்க்கிறோம். உன்னிடம் எதையும் மறைக்க மாட்டோம், கேட்டால் கணக்கோடு சொல்வோம். ஆனால் சுமக்க வேண்டியவர்கள் நாங்கள். தங்கச்சிக்கு நீ அண்ணனாக இருந்தால் போதும். அம்மாவாகவும் இருக்கப் பார்க்காதே. அழுகை வந்தால் அழு. வரவில்லை என்றாலும் உனக்குப் பாசம் குறைவு என்று ஆகிவிடாது.

அப்புறம், அந்தக் காலையைப் பற்றி.

மயானத்திலிருந்து இறங்கி வரும்போது, "அன்னைக்கு காலையில நான் அம்மாகிட்ட பேசவே இல்ல மாமா" என்றாய். நான் "அதெல்லாம் யோசிக்காதே" என்று சொல்லிவிட்டேன். தவறான பதில். யோசிக்காமல் எப்படி இருக்க முடியும்? சரியான பதிலை இப்போது சொல்கிறேன்.

டேட்டா போடக் காசு கேட்டாய், அம்மா இல்லை என்றார், நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கிளம்பினாய். பத்து மணிக்கு அம்மா கொழுந்து பறிக்கிற மலையில் மயங்கி விழுந்தார். இந்த இரண்டும் ஒரே நாளில் நடந்ததால் உன் மனம் இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்க்கிறது. டாக்டரிடம் நானே கேட்டேன். இதயத்துக்கு இரத்தம் போகிற குழாய் அடைபட்டிருக்கிறது. வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொழுப்பு படிந்து குறுகிய குழாய் அது. நீ சிரித்துப் பேசிவிட்டுப் போயிருந்தாலும் அந்த அடைப்பு அங்கேதான் இருந்திருக்கும்.

இன்னொன்றையும் நீதான் சொன்னாய். கோபத்தில் நீ ரொட்டிப் பார்சலை விட்டுவிட்டுப் போக, அம்மா படங்கைக் கட்டியபடியே லயத்துக் கோடி வரை ஓடி வந்து, ஒன்றும் பேசாமல் உன் பைக்குள் திணித்துவிட்டுத்தான் பெரட்டுக்குப் போனார். அதை நினைத்துத்தான் நீ அதிகம் வேதனைப்படுகிறாய். ஆனால் நான் அக்காவை உன்னைவிட அதிக காலம் அறிந்தவன். உன் கோபத்தைப் பற்றி அக்கா என்னிடம் ஒரு தடவை சொன்னது இது: "அவனுக்குப் பசி வந்தா கோவம் போயிரும்." ரொட்டியைப் பிரிக்கும்போது நீ சமாதானமாகிவிடுவாய் என்று நினைத்துத்தான் அன்றும் மலை ஏறியிருக்கும். கோபித்துக்கொண்ட பிள்ளையை நினைத்துக் கலங்கிப் போன மனுஷி இல்லை நிரோஷன், பிள்ளையின் பசியைத் தெரிந்து வைத்திருந்த மனுஷி.

உன் தாத்தா இறந்தபோது எனக்கு 15 வயது. உன் வேதனையும் என் வேதனையும் ஒன்று என்று சொல்லவில்லை. எனக்கு என்ன ஆனது என்று மட்டும் சொல்கிறேன். மூன்று மாதம் பாடசாலையில் எதுவும் மண்டைக்குள் போகவில்லை. ஒரே பக்கத்தை நான்கு தடவை வாசிப்பேன், புத்தகத்தை மூடினால் ஒன்றும் இருக்காது. மூளை கெட்டுவிட்டதோ என்று பயந்தேன். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. ஒருநாள் கிரவுண்டில் பந்து விளையாடும்போது வாய்விட்டுச் சிரித்துவிட்டேன், அப்படிச் சிரித்ததற்காக ராத்திரி அழுதேன். உனக்குச் சிரிப்பு வந்தால் சிரி. யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டாம்.

அப்போது அக்கா எனக்கு ஆறுதல் என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. ராத்திரி நான் இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தால் இரண்டு கோப்பையில் சாயத்தண்ணி கொண்டு வந்து பக்கத்தில் உட்காரும். என் உள்ளங்கையில் கொஞ்சம் சீனி வைக்கும். நான் அதை நக்கி நக்கிக் குடித்து முடிக்கும்வரை எழுந்திருக்காது. குளிரும். பேச மாட்டோம்.

படிப்பை விட்டுவிட்டுக் கொழும்புக்கு வருகிறேன், கடையில் வேலை வாங்கித் தா என்று கேட்டிருந்தாய். கேட்டதில் தப்பில்லை. என் பதில், இப்போது வேண்டாம். 23 நாளில் எடுக்கிற முடிவு இல்லை இது. சாதாரண தரப் பரீட்சையை எழுது. பெறுபேறு எப்படி வந்தாலும் வரட்டும். அதற்குப் பிறகும் இதையே கேட்டால் உட்கார்ந்து பேசுவோம், தட்டிக் கழிக்க மாட்டேன். "அம்மாவுக்காகப் படி" என்று நான் சொல்லப் போவதில்லை. அந்தப் பாரத்தை உன் தலையில் ஏற்ற அக்காவும் சம்மதிக்காது. இந்தத் தவணை புள்ளி குறைந்தால் குறையட்டும். வகுப்பு ஆசிரியரிடம் நான் பேசியிருக்கிறேன். இடையில் எழுந்து வெளியே போக வேண்டும் போல இருந்தால் போகலாம், காரணம் கேட்க மாட்டார்.

நித்திரை இல்லாமல் போனாலோ, எதற்கு இருக்கிறோம் என்ற எண்ணம் வந்தாலோ, அதை மட்டும் தனியாக வைத்துக்கொள்ளாதே. எந்த நேரமானாலும் என்னைக் கூப்பிடு. என்னிடம் சொல்லக் கஷ்டமாக இருந்தால் 1926 என்ற இலக்கம் இருக்கிறது, தேசிய மனநல உதவிச் சேவை. கூப்பிட்டால் தமிழில் பேசலாம்.

இஸ்தோப்பில் ஆணியில் தொங்குகிற அம்மாவின் படங்கையும் கொழுந்துக் கூடையையும் யாரும் எடுக்க வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். எப்போது எடுப்பது, யாருக்குக் கொடுப்பது என்று நீயும் தங்கச்சியும் சொல்லும்போது பார்க்கலாம்.

அக்கா எனக்கு அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் 11 என் போனில் இருக்கிறது. அழியாமல் இருக்க வேறு இடத்திலும் எடுத்து வைத்திருக்கிறேன். ஒன்றில் எனக்குத் திட்டு, ஒன்றில் தங்கச்சி பின்னால் பாடுகிறாள், இரண்டில் உன்னைப் பற்றிய பேச்சு. எனக்கே இரண்டைத்தான் கேட்க முடிந்தது. உனக்கு வேண்டும் என்றால் "அனுப்பு" என்று ஒரு சொல் போடு. அடுத்த மாதமோ, அடுத்த வருடமோ. நீ கேட்காமல் அனுப்ப மாட்டேன்.

இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுத வேண்டாம். சனிக்கிழமை விடிய பஸ் ஏறுகிறேன். ஹட்டனில் இறங்கி நோர்வூட் வழியாக வர மத்தியானம் ஆகிவிடும். ராத்திரி சாயத்தண்ணி நான் ஊற்றுகிறேன். சீனி இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வை.

அன்புடன்,
மாமா