2024-25 மதிப்பீட்டு ஆண்டின் வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்யக் கூடுதல் அவகாசம் கோரும் மனு

மதுரை
10.02.2025

அனுப்புநர்:
சே. முருகேசன்,
கட்டட வரைபடப் பொறியாளர்,
கோ.புதூர், மதுரை – 625007.

பெறுநர்:
முதன்மை வருமான வரி ஆணையர் அவர்கள்,
வருமான வரி அலுவலகம்,
பீபிகுளம், மதுரை – 625002.

பொருள்: மருத்துவமனைச் சிகிச்சையால் கணக்குத் தாக்கல் தாமதமானது – வருமான வரிச் சட்டம் பிரிவு 119(2)(பி)-இன் கீழ் தாமதத்தை மன்னித்துத் தாக்கலுக்கு அனுமதி வேண்டுதல் – தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். கட்டுமான நிறுவனங்களுக்கு வரைபடம் போட்டுக் கொடுப்பது என் தொழில். 2023-24 நிதியாண்டில் இரண்டு நிறுவனங்களிடமிருந்து கட்டணமாக ரூ.6,20,000 பெற்றேன். அதில் 10 சதவீதம், ரூ.62,000, டிடிஎஸ் பிடிக்கப்பட்டு 26ஏஎஸ் படிவத்திலும் ஏறியிருக்கிறது. பிரிவு 44ஏடிஏ-படி பாதித் தொகையான ரூ.3,10,000 என் வருமானம். புதிய வரி முறையில், 87ஏ தள்ளுபடிக்குப் பிறகு, நான் கட்ட வேண்டிய வரி எதுவுமில்லை. பிடித்த தொகை முழுவதும் எனக்குத் திரும்ப வர வேண்டியது.

கடைசிக் காலாண்டின் 16ஏ படிவம் ஜூன் கடைசியில்தான் கைக்கு வந்தது. ஜூலை இரண்டாம் வாரம் தாக்கல் செய்ய இருந்தேன். ஜூலை 9 அன்று மேலூர் சாலையில் என் ஸ்கூட்டர் மீது வேன் மோதியது. தலைக்குள் கட்டிய ரத்தத்தை எடுக்க அன்றிரவே அறுவை சிகிச்சை நடந்தது. ஆகஸ்ட் 6-இல் வீட்டுக்கு அனுப்பினார்கள். அப்போது எடுத்து வைத்த மண்டையோட்டு எலும்பைத் திரும்பப் பொருத்த நவம்பர் 18-இல் இரண்டாவது அறுவை சிகிச்சை செய்து, 29-ஆம் தேதி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

இடைப்பட்ட மாதங்களில் எனக்குப் பேச்சு குழறியது, எழுத வரவில்லை. டிசம்பரில் வங்கிப் படிவத்தில் நான் போட்ட கையெழுத்து பொருந்தவில்லை என்று திருப்பிவிட்டார்கள். அதைப் பார்த்து என் மனைவி அழுதுவிட்டார். அவருக்கு என் கணக்கு வழக்கு எதுவும் தெரியாது. 16ஏ படிவங்கள் இருந்த பழுப்பு உறை, காவல் நிலையத்திலிருந்து மீட்ட ஸ்கூட்டரின் சீட்டுக்கு அடியில் கிடைத்தது.

விபத்தில் செல்போனும் நொறுங்கிவிட்டதால் ஓடிபி பெற வழியில்லை. புதிய சிம்முக்கு நானே நேரில் போய் விரல்ரேகை வைக்க வேண்டியிருந்தது. ஜனவரி 20 அன்று அது கிடைத்ததும் இணையதளத்தைத் திறந்தேன். தாமதத் தாக்கலுக்கு நீட்டித்திருந்த கடைசி நாளான ஜனவரி 15 ஐந்து நாள் முன்பே முடிந்திருந்தது.

இதற்கு முந்தைய 9 ஆண்டுகளும் கெடு தவறாமல் தாக்கல் செய்திருக்கிறேன். சிகிச்சைக்கு வாங்கிய கடனுக்கு இப்போது வட்டி கட்டி வருகிறேன். எனக்கு ரூ.62,000 பெரிய தொகை. தாமதமாகத் திரும்பும் தொகைக்கு வட்டி கிடையாது என்பதை அறிவேன், அதைக் கோரவும் இல்லை. தாமதத்தை மன்னித்து, தங்கள் ஆணை கிடைத்த நாளிலிருந்து 30 நாள்களுக்குள் கணக்கைத் தாக்கல் செய்ய அனுமதிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். இதே கோரிக்கையை இணையதளத்திலும் பதிவு செய்துள்ளேன். நேரில் விளக்கம் தேவையெனில் வரத் தயாராக இருக்கிறேன். மாடிப்படி ஏற இன்னும் துணை வேண்டும் என்பதால் மனைவியுடன் வர அனுமதி தேவைப்படும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சே. முருகேசன்

இணைப்பு: இரு டிஸ்சார்ஜ் சம்மரிகள், மருத்துவர் சான்று, முதல் தகவல் அறிக்கை, 16ஏ மற்றும் 26ஏஎஸ் படிவங்கள், வருமானக் கணக்கீடு, பான் அட்டை நகல்.