செல்லம்மை என்கிற பொன்னையன்

முதியோர் உதவித்தொகை, மாசம் 1200 ரூபாய். மனு போட்டால் ஆதாரில் பாட்டாவுக்கு ஐம்பத்தாறு வயசுதான். பிறப்புப் பதிவு கேட்டார்கள். தேடி எடுத்த நகல் மலையாளத்தில் இருந்தது, கொல்லம் ஆண்டு 1122, அதாவது 1946-47. எங்கள் விளவங்கோடு தாலுகா தமிழ்நாட்டோடு சேர்ந்ததே 1956-ல்தானே.

களியக்காவிளையில் ஒரு பழைய வாத்தியார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வாசித்தார். அப்பா பேர் சரி, வீட்டுப்பேர் சரி. "பிள்ளை பேரு செல்லம்மை. பெண்."

பாட்டா சிரிக்கவில்லை. ரப்பர் பால் கறை ஏறிய விரலை அந்த வரிமேல் வைத்து அழுத்தினார். "எழுதிக் குடுக்கப் போனது எங்க மாமன். போற வழியில கள்ளுக்கடை உண்டு மக்ளே."

அப்புறம் இரண்டு பேரும் ஒரே ஆள்தான் என்று சான்று வாங்க அலைச்சல். பொன்னையன் என்றே கூப்பிட்டு வளர்ந்த ரெண்டு கிழவர்களைச் சாட்சிக்கு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனோம். மனுவைப் பார்த்த அலுவலர் தலைநிமிராமல் கேட்டார்: "செல்லம்மை வரலியா?"

பாட்டா மீசையைத் தடவிக்கொண்டு எழுந்தார். "வந்தாச்சு சார்."

பணம் இன்னும் வரவில்லை. பாட்டிக்கு மட்டும் கொண்டாட்டம். "செல்லம்மே, கட்டங்காப்பி ஆறுது!"