ஹார்வர்டு, வான் நியூமன் கட்டமைப்புகள்: 10 மதிப்பெண் விடை

வினா: வான் நியூமன் கட்டமைப்பையும் ஹார்வர்டு கட்டமைப்பையும் படத்துடன் வேறுபடுத்துக. ஒவ்வொன்றுக்கும் எடுத்துக்காட்டு தருக. (10 மதிப்பெண்)

விடை:

நிரலின் கட்டளைகளும் அவை கையாளும் தரவும் நினைவகத்தில் எங்கே இருக்கின்றன, எந்த பஸ் வழியாக சிபியுவுக்கு வருகின்றன என்பதை வைத்தே இவ்விரு கட்டமைப்புகளும் பிரிக்கப்படுகின்றன. இரண்டுக்கும் ஒரே நினைவகம், ஒரே பஸ் என்றால் அது வான் நியூமன். தனித்தனி நினைவகம், தனித்தனி பஸ் என்றால் அது ஹார்வர்டு.

```
வான் நியூமன்:
  சிபியு <== முகவரி, தரவு பஸ் ==> நினைவகம் (நிரல் + தரவு)

ஹார்வர்டு:
  நிரல் நினைவகம் <== பஸ் 1 ==> சிபியு <== பஸ் 2 ==> தரவு நினைவகம்
```

வான் நியூமன் கட்டமைப்பு

எட்வாக் கணினிக்காக ஜான் வான் நியூமன் 1945இல் எழுதிய வரைவு அறிக்கையிலிருந்து இந்தப் பெயர் வந்தது. தரவு இருக்கும் நினைவகத்திலேயே நிரலையும் எண்களாகச் சேமிக்கலாம் என்பதே அதன் மையக் கருத்து. ஒரு பைட்டைப் பார்த்து அது ஆப்கோடா, தரவா என்று நினைவகத்தால் சொல்ல முடியாது. ஃபெட்ச் சுழற்சியில் எடுத்தால் அது கட்டளை, ரீட் சுழற்சியில் எடுத்தால் அது தரவு, அவ்வளவுதான்.

எடுத்துக்காட்டாக, 8085இல் இந்தக் கட்டளையைப் பார்க்கலாம்:

```
STA 2050H
```

இது 3 பைட் கட்டளை. ஆப்கோடை எடுக்க 4 டி-நிலைகள், முகவரியின் இரண்டு பைட்டுகளைப் படிக்கத் தலா 3, கடைசியில் அக்குமுலேட்டரிலுள்ள மதிப்பை 2050H முகவரியில் எழுத 3. மொத்தம் 13 டி-நிலைகள். உண்மையான வேலை கடைசி 3 டி-நிலைகளில்தான் நடக்கிறது. மற்ற 10ம் கட்டளையைக் கொண்டுவரவே செலவாகின்றன. எழுதும் அந்த 3 டி-நிலைகளில் பஸ் தரவுக்குப் போய்விடுவதால், அடுத்த கட்டளையை அப்போது எடுக்கவும் வழியில்லை. சிபியு எவ்வளவு வேகமானதாக இருந்தாலும் ஒரே பஸ்ஸின் வேகமே அதைக் கட்டுப்படுத்துகிறது. இதற்கு வான் நியூமன் பாட்டில்நெக் என்று பெயர்.

இதன் நன்மை எளிமை. ஒரு பஸ் என்பதால் பின்கள் குறைவு, சுற்று எளிது, செலவு குறைவு. நினைவகத்தில் நிரலுக்கு எவ்வளவு, தரவுக்கு எவ்வளவு என்று விருப்பப்படி பங்கிடலாம். 8085இன் 64 கிலோபைட் முகவரி எல்லைக்குள் ரோம் எதுவரை, ரேம் எதுவரை என்பதை வடிவமைப்பவரே முடிவு செய்கிறார். மறுபுறம், தவறான முகவரியில் எழுதும் நிரல் தன் கட்டளைகளையே அழித்துவிடும் அபாயமும் உண்டு.

ஹார்வர்டு கட்டமைப்பு

ஹோவர்டு ஐக்கன் வடிவமைத்து ஐபிஎம் உருவாக்கிய ஹார்வர்டு மார்க் 1 (1944) இயந்திரத்திலிருந்து இந்தப் பெயர் வந்தது. அதில் கட்டளைகள் துளையிட்ட காகித நாடாவில் இருந்தன. எண்கள் மின்இயந்திர எண்ணிகளில் இருந்தன. வேகத்துக்காகத் திட்டமிட்டுச் செய்த பிரிவு அன்று அது அல்ல. கிடைத்த சாதனங்கள் அப்படி. வேகம் என்ற பயன் பிற்காலச் சிப்களில்தான் முழுதாகத் தெரிந்தது.

இரண்டு பஸ்கள் இருப்பதால், ஒரு கட்டளை தரவைப் படித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த கட்டளையை எடுத்துவிடலாம். 14 பிட் கட்டளை கொண்ட பிக் மைக்ரோகண்ட்ரோலர் குடும்பத்தில் `MOVWF 0x20` என்பது 8085இன் `STA` செய்யும் வேலையையே செய்கிறது. ஆனால் ஆப்கோடும் 7 பிட் முகவரியும் ஒரே 14 பிட் சொல்லில் அடங்கிவிடுகின்றன. ஒரே ஃபெட்சில் முழுக் கட்டளையும் வந்துவிடும். அது செயல்படும்போதே அடுத்தது எடுக்கப்படுவதால் ஒரு கட்டளைச் சுழற்சியில், அதாவது 4 கடிகாரத் துடிப்புகளில், வேலை முடிகிறது. `GOTO` போன்ற தாவல் கட்டளைக்கு மட்டும் 2 சுழற்சிகள். முன்கூட்டி எடுத்த கட்டளை அங்கே வீணாகிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: கட்டளை 14 பிட், தரவு 8 பிட். பஸ்கள் தனி என்பதால் அகலமும் வேறாக இருக்கலாம். ஒரே பஸ்ஸில் இந்த வசதி கிடைக்காது.

குறைகள்: சுற்று சிக்கலாகும், செலவு கூடும். நிரல் நினைவகத்தில் மிஞ்சும் இடத்தைச் சாதாரண மாறிகளுக்குப் பயன்படுத்த முடியாது. ஏடிமெகா328பி சிப்பில் 32 கிலோபைட் ஃப்ளாஷ் இருந்தும் எஸ்ரேம் 2 கிலோபைட்தான். ஃப்ளாஷ் காலியாகக் கிடந்தாலும் மாறிகள் அந்த 2 கிலோபைட்டுக்குள்தான் அடங்க வேண்டும்.

வேறுபாடுகள்

| வான் நியூமன் | ஹார்வர்டு |
|---|---|
| நிரலுக்கும் தரவுக்கும் பொது நினைவகம் | தனித்தனி நினைவகம் |
| பொதுவான ஒரே பஸ் | தனித்தனி பஸ்கள் |
| ஃபெட்சும் தரவுப் பரிமாற்றமும் அடுத்தடுத்தே நடக்கும் | இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கலாம் |
| கட்டளைக்கும் தரவுக்கும் ஒரே பஸ் அகலம் | அகலம் வேறுபடலாம் |
| ஒரு முகவரி ஓரிடத்தையே குறிக்கும் | ஒரே முகவரி எண் இரு நினைவகங்களிலும் இருக்கும் |
| 8085, 8086, ஆர்ம்7 | பிக், ஏவிஆர், 8051 |

8051 பற்றி ஒரு விளக்கம்

8051ஐ ஹார்வர்டு என்று எழுதுவது சரியே, ஆனால் காரணத்துடன் எழுத வேண்டும். அதில் நிரலுக்கு 64 கிலோபைட், வெளித் தரவுக்கு 64 கிலோபைட் எனத் தனித்தனி முகவரி வெளிகள் உள்ளன. நிரல் நினைவகத்திலுள்ள அட்டவணையைப் படிக்க `MOVC A,@A+DPTR`, வெளித் தரவைப் படிக்க `MOVX A,@DPTR` எனக் கட்டளைகளும் வேறு. ஆனால் வெளி நினைவகத்தை இணைக்கும்போது இரண்டுக்கும் போர்ட் 0, போர்ட் 2 என்ற அதே பின்களே பயன்படுகின்றன. நிரலைப் படிக்கும்போது பிசென் சிக்னலும், தரவைப் படிக்கும்போது ஆர்டி சிக்னலும் தாழ்நிலைக்குப் போகும். பிரித்துக் காட்டுவது அவை மட்டுமே. அதனால் வெளியில் இரண்டு அணுகல்களும் ஒரே நேரத்தில் நடக்காது. பிசென், ஆர்டி இரண்டையும் ஓர் ஆண்ட் கேட்டில் இணைத்து அதன் வெளியீட்டை ஒரே ரேமின் வெளியீட்டு அனுமதிப் பின்னுக்குக் கொடுத்தால், அந்த ரேம் நிரலுக்கும் தரவுக்கும் பொதுவாகிவிடும். ஹார்வர்டு சிப்பைச் சுற்றி அமைந்த வான் நியூமன் நினைவகம் அது.

மாற்றியமைக்கப்பட்ட ஹார்வர்டு

இன்றைய கணினிச் செயலிகள் பெரும்பாலும் இரண்டும் கலந்தவை. முதன்மை நினைவகம் பொதுவானது. சிபியுவுக்கு மிக அருகிலுள்ள முதல்நிலை கேஷ் மட்டும் கட்டளைக்கு ஒன்று, தரவுக்கு ஒன்று எனப் பிரிந்திருக்கும். இன்டெல் 486இல் (1989) இரண்டுக்கும் பொதுவாக 8 கிலோபைட் கேஷ் இருந்தது. பென்டியத்தில் (1993) அது 8 கிலோபைட் கட்டளை கேஷ், 8 கிலோபைட் தரவு கேஷ் எனத் தனித்தனியானது. நிரல் எழுதுபவருக்கு இது வான் நியூமன் இயந்திரமாகவே தோன்றும். கேஷில் தேடியது கிடைக்கும்வரை உள்ளே ஹார்வர்டு வேகம் கிடைக்கும். கேஷில் கிடைக்காவிட்டால் மீண்டும் அந்த ஒரே பஸ்ஸில் காத்திருக்க வேண்டும்.