குரூப் 4 தேர்வுக்கான என் பிழைப் பதிவேடு: ஐந்தாம் தாளும் ஆறாம் தாளும்

இந்த நோட்டில் தாள்களுக்கு இடப்பட்டுள்ள எண்கள், முந்தைய ஆண்டுகளின் வினாத்தாள்களை நான் செய்துபார்த்த வரிசையைக் குறிப்பவை. தேர்வு நடந்த ஆண்டைக் குறிப்பவை அல்ல. ஒவ்வொரு தாளையும் தருமபுரி நூலகத்தில், கைப்பேசியில் மூன்று மணி நேரம் வைத்து, நகலெடுத்த விடைத்தாளில் கருநிறப் பந்துமுனைப் பேனாவால் வட்டம் நிரப்பி எழுதுகிறேன். மொத்தம் 200 வினாக்கள். வினாவுக்கு ஒன்றரை மதிப்பெண் வீதம் 300. தமிழுக்கு 100, பொது அறிவுக்கு 75, திறனறிவுக்கு 25 வினாக்கள். 180 நிமிடத்தை 200ஆல் வகுத்தால் வினாவுக்கு 54 விநாடி கிடைக்கிறது.

தவறிய விடைகளை மூன்றாகப் பிரிக்கிறேன். பாடமே சரியாகத் தெரியாததால் தவறியது கருத்துக் குறை. தெரிந்தும் தவறாகப் படித்தோ நிரப்பியோ இழந்தது கவனப் பிழை. நேரம் போதாமல் தொடாமல் விட்டதும் அவசரத்தில் குருட்டாம்போக்கில் குறித்ததும் நேர இழப்பு.

மார்ச் 2, ஐந்தாம் தாள்

சரியான விடைகள் 159, மதிப்பெண் 238.5. தவறியவை 41. திருத்திய அன்றே நான் பிரித்த கணக்கில் கருத்துக் குறை 14, கவனப் பிழை 19, நேர இழப்பு 8. கவனமாக இருந்திருந்தால் 19 வினாக்கள் கூடுதலாக வந்திருக்கும், அதாவது 28.5 மதிப்பெண் கையில் இருந்து நழுவிவிட்டது என்று எழுதிவைத்து, ஓரளவு நிம்மதியோடுதான் அன்று பாப்பாரப்பட்டிப் பேருந்தில் ஏறினேன்.

மார்ச் 4, ஐந்தாம் தாளின் மறுபார்வை

நூலகத்தில் உடன் படிக்கும் பென்னாகரத்து அக்கா இந்த நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "கவனப் பிழைன்னு நீ எழுதுனதுல பாதி உனக்குத் தெரியாததுதான் கண்ணு" என்றார். எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் அவர் சொன்ன சோதனையைச் செய்துபார்த்தேன். விடைக்குறிப்பை மூடிவைத்துவிட்டு, சரியான விடை ஏன் சரி என்பதையும் நான் குறித்த விடை ஏன் தவறு என்பதையும் அவருக்கு வாய்விட்டு விளக்க வேண்டும். திக்கினால் அது கருத்துக் குறை. 19 வினாக்களில் 6 மட்டுமே இந்தச் சோதனையில் கவனப் பிழையாக நின்றன. 11 கருத்துக் குறைக்கும் 2 நேர இழப்புக்கும் போயின. திருத்திய கணக்கு: கருத்துக் குறை 25, கவனப் பிழை 6, நேர இழப்பு 10. இடம் மாறியவற்றுள் நான்கை மட்டும் விரிவாக எழுதிவைக்கிறேன்.

முதலாவது, சுப்பிரமணிய சிவா பிறந்த ஊர் எது என்ற வினா. நான் குறித்தது பாப்பாரப்பட்டி. சரியான விடை வத்தலகுண்டு. அவருடைய நினைவிடம் இருக்கும் ஊரிலிருந்துதான் நாள்தோறும் நூலகத்துக்கு வருகிறேன். 'பிறந்த' என்ற சொல்லைக் கவனிக்கவில்லை என்று முதலில் எழுதியிருந்தேன். அக்கா கேட்டபோதுதான், அவர் பிறந்த ஊரின் பெயர் எனக்கு ஒருநாளும் தெரிந்திருக்கவில்லை என்பது விளங்கியது. 1925ஆம் ஆண்டு ஜூலை 23 அன்று அவர் மறைந்தது பாப்பாரப்பட்டியில் என்பதை மட்டும் சிறுவயதிலிருந்து கேட்டிருக்கிறேன். பழகிய ஊர்ப்பெயரைக் கண்டதும் கை அங்கே போய்விட்டது. கருத்துக் குறை.

இரண்டாவது, 'குடிநீர்' என்பதன் இலக்கணக் குறிப்பு. நான் குறித்தது பண்புத்தொகை. சரியான விடை வினைத்தொகை. குடித்த நீர், குடிக்கின்ற நீர், குடிக்கும் நீர் என மூன்று காலத்துக்கும் விரிவதாலும், அந்தக் கால இடைநிலைகள் மறைந்து நிற்பதாலும் அது வினைத்தொகை. எங்கள் தெரு முனையில் உள்ள தொட்டியில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் என்று பெரிய எழுத்தில் எழுதியிருப்பதை இத்தனை ஆண்டுகளாகப் பார்த்தும் அந்தச் சொல்லைப் பிரித்துப் பார்த்ததில்லை. 'ஊறுகாய்' கேட்டிருந்தால் சரியாகக் குறித்திருப்பேன், ஏனென்றால் பயிற்சிப் புத்தகத்தின் எடுத்துக்காட்டு அது. ஆகவே நான் மனப்பாடம் செய்திருந்தது எடுத்துக்காட்டை, விதியை அல்ல. கருத்துக் குறை.

மூன்றாவது, ஒரு பொருளின் விலை 25 சதவீதம் உயர்ந்தால், செலவு கூடாமல் இருக்கப் பயன்பாட்டை எத்தனை சதவீதம் குறைக்க வேண்டும் என்பது. நான் குறித்தது 25. சரியான விடை 20. இதையும் அவசரத்தில் நேர்ந்த பிழை என்று எழுதியிருந்தேன். அவசரமில்லாமல் மறுபடி கேட்டபோதும் என் வாயில் 25தான் வந்தது. அம்மா பாலக்கோட்டுத் தக்காளி வாங்குவதை வைத்து அக்கா விளக்கினார்: கிலோ 40 ரூபாய் என்றால் 200 ரூபாய்க்கு 5 கிலோ, விலை 50 ஆனால் அதே 200 ரூபாய்க்கு 4 கிலோ, குறைந்தது ஐந்தில் ஒன்று, அதாவது 20 சதவீதம். உயர்வைப் பழைய விலையைக் கொண்டும் குறைவைப் பழைய அளவைக் கொண்டும் கணக்கிடுகிறோம், அடிப்படை இரண்டிலும் ஒன்றல்ல என்பது அப்போதுதான் புரிந்தது.

நான்காவது, 8,000 ரூபாய்க்கு 5 சதவீத வட்டியில் 3 ஆண்டுகளுக்குக் கூட்டுவட்டிக்கும் தனிவட்டிக்கும் உள்ள வேறுபாடு. நான் குறித்தது 20. சரியான விடை 61. `P × (r/100)²` என்பது இரண்டு ஆண்டுக்கான வாய்பாடு, அதை மூன்று ஆண்டுக்குப் போட்டுவிட்டேன். 'ஆண்டைப் பார்க்கவில்லை' என்று எழுதியிருந்தது பொய். பார்த்தேன், ஆனால் மூன்று ஆண்டுக்கான `P × (r/100)² × (3 + r/100)` எனக்குத் தெரியாது. வாய்பாடு இல்லாவிட்டாலும் ஆண்டு ஆண்டாகப் போட்டால் தொகை 9,261 ஆகிறது, கூட்டுவட்டி 1,261, தனிவட்டி 1,200. இந்த வழி தெரிந்திருந்தும் கை அதற்குப் போகவில்லை என்பதால், பக்கத்தின் ஓரத்தில் இதற்குச் சிவப்புப் புள்ளி வைத்திருக்கிறேன்.

கவனப் பிழையாகவே நின்றவற்றுள் ஒன்று, 42ஆவது திருத்தத்தின் வழியாக எத்தனை அடிப்படைக் கடமைகள் சேர்க்கப்பட்டன என்ற வினா. 1976இல் பத்து, 2002இல் 86ஆவது திருத்தத்தால் பதினொன்றாவது. இரண்டையும் வினாத்தாளின் ஓரத்திலேயே என் கையால் எழுதியிருக்கிறேன், ஆனாலும் 11ஐ நிரப்பியிருக்கிறேன். இன்னும் இரண்டு, 'தவறான இணையைத் தேர்ந்தெடு' என்பதில் சரியான இணையைக் குறித்தவை. மற்ற மூன்றும் சிறியவை, எழுதத் தேவையில்லை. இனி 'தவறான', 'பொருந்தாத', 'அல்லாத' என்ற சொற்களைப் பேனாவால் வட்டமிட்ட பிறகே விடைகளைப் படிப்பது என்று முடிவு செய்திருக்கிறேன்.

மார்ச் 5, ஐந்தாம் தாளின் நேரக் கணக்கு

தமிழுக்கு 62 நிமிடம், பொது அறிவுக்கு 71 நிமிடம், திறனறிவுக்கு எஞ்சிய 47 நிமிடம். நேர இழப்பாகக் குறித்த 10இல் 7, திறனறிவில் தொடவே முடியாமல் 'விடை தெரியவில்லை' என்ற E வட்டத்தை நிரப்பிவிட்டு வந்தவை. அந்த ஏழும் என்னால் முடியாதவை அல்ல. வீட்டில் உட்கார்ந்து ஆறைச் சரியாகச் செய்தேன். நேரத்தைத் தின்றது எது என்று தேடினால், அது நான் சரியாக விடையளித்த ஒரு வினா. 10.5 செ.மீ. ஆரமுள்ள உலோகக் கோளத்தை உருக்கி, 3.5 செ.மீ. ஆரமும் 3 செ.மீ. உயரமும் கொண்ட கூம்புகள் செய்தால் எத்தனை கிடைக்கும் என்பது. விடை 126. அதை ஆறரை நிமிடம் போட்டேன். இரண்டு பக்கத்திலும் 22/7ஐப் பெருக்கி, இரண்டு கன அளவையும் தசமத்தோடு கண்டுபிடித்து, பிறகு வகுத்தேன். `(4/3)πR³ ÷ (1/3)πr²h` என்று எழுதியிருந்தால் πயும் மூன்றும் அடிபட்டு `4R³ ÷ r²h` மட்டும் மிஞ்சும். ஒரு நிமிடத்தில் முடியும். ஆறரை நிமிடம் என்பது 54 விநாடிக் கணக்கில் ஏழு வினாக்களின் நேரம்.

ஆகவே தவறிய விடைகளை மட்டும் பதிவது இந்தப் பிரிவுக்குப் போதாது என்று தோன்றுகிறது. விடை சரியாக இருந்தாலும் இரண்டு நிமிடத்துக்கு மேல் எடுத்த வினாவை இனி நேர இழப்பில் எழுதுவேன், அதன் பக்கத்தில் அது எந்தக் கருத்துக் குறையால் நீண்டது என்பதையும் சேர்த்து எழுதுவேன். 25 வினாக்களுக்கு ஒருமுறை ஓரத்தில் நேரம் குறிப்பதும் அடுத்த தாளிலிருந்து.

மார்ச் 16, ஆறாம் தாள்

சரியானவை 168, மதிப்பெண் 252. தவறியவை 32: கருத்துக் குறை 17, கவனப் பிழை 6, நேர இழப்பு 9. அக்காவின் சோதனைக்குப் பிறகே இந்த எண்களை எழுதுகிறேன். இந்த முறை திறனறிவை முதலில் செய்தேன். அதில் எதுவும் விடுபடவில்லை, ஆனால் பொது அறிவின் கடைசியில் ஒன்பது வினாக்களை ஓடிக்கொண்டே குறித்தேன். இழப்பு இடம் மாறியிருக்கிறதே ஒழியப் பெரிதாகக் குறையவில்லை. அடுத்த தாளில் தமிழ், திறனறிவு, பொது அறிவு என்ற வரிசையைச் செய்துபார்க்க வேண்டும்.

கவனப் பிழை ஆறில் ஐந்து, ஒரே தடுமாற்றத்தின் விளைவு. 137ஆவது வினா தெரியாததால் பிறகு பார்க்கலாம் என்று விட்டேன். 138இன் விடையை 137இன் வரிசையில் நிரப்பி, 143 வரை அப்படியே ஒரு வரி மேலே நிரப்பிக்கொண்டு போய், 144இல்தான் கண்டுபிடித்தேன். பேனாவால் நிரப்பியதால் திருத்த வழியில்லை. தெரிந்த ஐந்து விடைகள், ஏழரை மதிப்பெண். இதைக் கவனம் போதாமை என்று எழுதிவிட்டுக் கடந்தால் அடுத்த தாளிலும் நடக்கும், ஏனென்றால் குறை என் பழக்கத்தில் இருக்கிறது: வரிசையை வெறுமையாக விட்டுச் செல்கிறேன். தெரியாத வினாவின் எண்ணை வினாத்தாளில் மட்டும் அல்லாமல் விடைத்தாளின் அந்த வரிசையிலும் விரலை வைத்து உரக்க இல்லாமல் ஒருமுறை சொல்லிவிட்டு, பத்து வினாக்களுக்கு ஒருமுறை இரண்டு எண்களையும் ஒப்பிட வேண்டும். பிறகு பார்த்தும் தெரியாவிட்டால் Eயை நிரப்பிவிட வேண்டும்.

மார்ச் 23, பழைய பதிவுகளின் மறுதேர்வு

ஐந்தாம் தாளின் 25 கருத்துக் குறைகளையும் துண்டுச் சீட்டில் எழுதி, கலைத்து, அக்கா கேட்டார். 19 சரி. விலை உயர்வுக் கணக்கை எண்களை மாற்றிக் கேட்டபோதும் சொல்லிவிட்டேன். குடிநீருக்குப் பதிலாக அவர் 'சுடுசோறு' என்று கேட்டார், அதுவும் வந்தது. இந்த 19ஐயும் அடித்துவிடாமல் ஏப்ரல் 13இல் மீண்டும் ஒருமுறை பார்க்க நாள் குறித்திருக்கிறேன்.

வராத ஆறில் மூன்று ஆற்றுப்படை நூல்களைச் சேர்ந்தவை. சிறுபாணாற்றுப்படை பாடியவர் நல்லூர் நத்தத்தனார், பாடப்பட்டவன் நல்லியக்கோடன், 269 அடிகள். பெரும்பாணாற்றுப்படை பாடியவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார், பாடப்பட்டவன் தொண்டைமான் இளந்திரையன், 500 அடிகள். எழுதும்போது வருகிறது, கேட்டால் இடம் மாறுகிறது. கடையெழு வள்ளல்களைச் சொல்வது சிறுபாண் என்பதையும், அந்த ஏழு பேரில் நம் தகடூர் அதியமான் ஒருவன் என்பதையும் பிடித்துக்கொண்டால் நத்தத்தனார் தவற மாட்டார் என்று அக்கா சொல்கிறார். பட்டினப்பாலையும் உருத்திரங்கண்ணனார் பாடியதுதான் என்பதால் கரிகாலன் நடுவில் வந்து குழப்புகிறான். இந்த மூன்று சீட்டுகளையும் நோட்டின் அட்டையில் செருகியிருக்கிறேன். வியாழக்கிழமை பேருந்திலேயே கேட்பதாக அக்கா சொல்லியிருக்கிறார்.