தாராவி மாலைப் படிப்பகம்: 2024–25 ஆண்டறிக்கை (திருத்திய வடிவம்)

முதல் வரைவில் “ஆயிரம் குடும்பங்களின் வாழ்வில் ஒளி” என்று இருந்தது. அந்த வரியை நீக்கிவிட்டோம். ஒருநாள் முகாமுக்கு வந்து போனவர்களை இந்த அறிக்கையில் சேர்க்கவில்லை. வகுப்பில் பெயர் பதிந்தவர்களை மட்டுமே எண்ணியிருக்கிறோம்.

பள்ளியைப் பாதியில் விட்டவர்கள் மகாராஷ்டிர வாரியத்தின் பத்தாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுத 17ஆம் எண் படிவம் நிரப்ப வேண்டும். அதற்கான பயிற்சியில் 46 பேர் சேர்ந்தார்கள். தேர்வுவரை நின்றவர்கள் 29 பேர். எல்லாப் பாடங்களிலும் தேறியவர்கள் 18 பேர். தவறிய 11 பேரில் 8 பேருக்குக் கணிதம் மட்டுமே பாக்கி.

இட்லி வியாபாரம் செய்யும் 34 வயது அக்கா ஒருவர் தேறியவர்களில் ஒருவர். விடியற்காலை மூன்று மணிக்கு அடுப்பு மூட்டுபவர். இரவு எட்டு மணி வகுப்பில் கண் சொக்கும். அவரை உண்மையில் தடுத்தது பாடம் அல்ல, மாற்றுச் சான்றிதழ். திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமப் பள்ளியில் எட்டாம் வகுப்போடு நின்றவர். பள்ளிப் பதிவேட்டில் தந்தை பெயர் முன்னெழுத்து ஒன்று, ஆதாரில் வேறொன்று. தம்பி இருமுறை பள்ளிக்கு நடந்தார். எங்கள் தொண்டர் கடிதங்கள் எழுதினார். கடைசித் தேதிக்கு நான்கு நாள் முன்னால் சான்றிதழ் கைக்கு வந்தது. கணிதத்தில் அவர் பெற்றது 41. இப்போது கடைக் கணக்கை அவரே எழுதுகிறார். மாவு, எரிவாயு, கடன் பாக்கி என்று தனித்தனிப் பத்திகள். வருமானம் கூடியதா என்று கேட்டோம். “கூடவில்லை, ஆனால் எங்கே போகிறது என்று தெரிகிறது” என்றார். இந்தப் பகுதியை அவருக்குப் படித்துக் காட்டினோம். “ஏழைப் பெண்” என்று எழுதியிருந்ததை எடுக்கச் சொன்னார், எடுத்துவிட்டோம்.

தோல் பட்டறையில் வேலை பார்த்த 19 வயது இளைஞருக்குத் தேர்ச்சிக்குப் பின் கூரியர் அலுவலகத்தில் வேலை கிடைத்தது. அது எங்களால் மட்டும் நடந்தது என்று சொல்ல மாட்டோம்; அவருடைய மைத்துனர் அங்கே சொல்லி வைத்திருந்தார். பத்தாம் வகுப்புச் சான்றிதழ் இல்லாமல் விண்ணப்பம் ஏற்கப்பட்டிருக்காது என்பது மட்டும் நிச்சயம்.

நின்றுபோன 17 பேரையும் தேடிப் போனோம். 9 பேருக்கு வேலை நேரம் ஒத்துவரவில்லை; 5 பேர் வீடு மாறிவிட்டார்கள்; 3 பேரைக் கண்டுபிடிக்க முடியவில்லை. நன்கொடையாளர்கள் இந்தப் பத்தியைத்தான் முதலில் படிக்க வேண்டும் என்று விரும்புகிறோம். இரவு வகுப்பு மட்டும் போதாது என்பதை எங்களுக்குக் காட்டியவர்கள் அந்த 9 பேர்.

செலவு 6,40,000 ரூபாய். பெரும்பகுதி இரண்டு ஆசிரியர்களின் சம்பளம், அறை வாடகை.

வரும் ஆண்டில் 40 பேருக்கு மேல் சேர்க்கப் போவதில்லை. ஞாயிறு காலை வகுப்பும், கணிதத்துக்கு மூன்றாவது ஆசிரியரும் தேவை. அதற்கு 1,80,000 ரூபாய் கேட்கிறோம்.